"சின்ன முறிவுதான் என்றார்கள், காலை ஏன் இப்படி வெட்டினார்கள்?"

வாசகி கேள்வி

டாக்டர், நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் இருக்கிறோம். என் தம்பிக்கு 22 வயது. போன மாதம் பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் படியில் இறங்கும்போது வழுக்கிவிட்டான். மூட்டை காலின்மேல் விழுந்தது. அப்போது பகல் 1 மணி இருக்கும். கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, "முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது, விலகவில்லை" என்று மாவுக்கட்டுப் போட்டு 4 மணிக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரவு 9 மணியிலிருந்து துடிக்க ஆரம்பித்தான். போன் செய்தோம். "முறிவு என்றால் வலிக்கத்தான் செய்யும், காலை உயர்த்தி வைத்து மாத்திரை கொடுங்கள்" என்றார்கள். நான்தான் மூன்று தலையணை வைத்தேன். 1 மணிக்குக் கால் விரல் மரத்துப்போச்சு என்றான். ராத்திரி ரோட்டில் காட்டுமாடு நிற்கும், விடியட்டும் என்று இருந்துவிட்டோம். 3 மணிக்கு மேல் வலி குறைந்து தூங்கினான், மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தோம்.

காலையில் விரலை அசைக்கவே முடியவில்லை. கொடைக்கானலில் கட்டைத் திறக்காமலே "நாடி நன்றாக இருக்கிறது, எதற்கும் மதுரைக்குப் போய்விடுங்கள்" என்றார்கள். மதுரையில் 12 மணிக்கு ஆபரேஷன். காலின் இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு அப்படியே பிளந்து, தைக்காமல் விட்டிருந்தார்கள். அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இப்போது பாதத்தை மேலே தூக்க வரவில்லை. "நாட்டுக்கட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது, காசுக்காகக் கிழித்துவிட்டார்கள்" என்கிறார் சித்தப்பா. பாதம் சரியாகுமா? நான் தலையணை வைத்ததுதான் காரணமா?

எலும்பு மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரி,

மதுரையில் கத்தி வைத்தது எலும்புக்காக இல்லை, தசைக்காக. எலும்பு விலகியிருந்ததா, சின்ன முறிவா, பெரிய முறிவா என்பதற்கும் அந்த வெட்டுக்கும் சம்பந்தம் குறைவு. எக்ஸ்ரேயில் தசை தெரியாது. அன்று இரவு ஆபத்தில் இருந்தது எக்ஸ்ரேயில் தெரியாத பகுதிதான்.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் தடித்த வெண்ணிறச் சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. ஆட்டுத்தொடைக்கறி நறுக்கும்போது தசையின்மேல் பளபளவென்று உரிந்து வருமே, அதே சவ்வுதான். தோல் இழுத்தால் நீளும், இது நீளாது. எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கசிகிறது, மூட்டை விழுந்து நசுங்கிய தசை நீர் கோத்து வீங்குகிறது, வீங்குவதற்கோ இடமில்லை. ஊறிய பயறை முளைகட்டத் துணியில் இறுக்கி முடிந்து வைத்தால் மறுநாள் காலையில் முடிச்சு கல்லாட்டம் இருக்கும், அப்படித்தான் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதை மருத்துவத்தில் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறோம். மேலே சுற்றியிருக்கும் மாவுக்கட்டு இரண்டாவது உறையாகி நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

உங்கள் தம்பியைப் போன்ற ஆட்களுக்கே இது அதிகம் வருகிறது. கெண்டைக்காலில் தசை திரண்ட இளைஞர்கள், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் நடுப்பகுதி முறிவு, கூடவே ஏதாவது நசுக்கியிருப்பது. வயதானவருக்குத் தசை மெலிந்து, உறைக்குள் கொஞ்சம் இடம் இருக்கும். 22 வயதில், மேட்டிலும் பள்ளத்திலும் மூட்டை சுமந்து நடந்த காலில் அந்த இடமே இருக்காது.

நாடி இருந்ததே, பிறகு எப்படி?

படித்தவர்களும் ஏமாறும் இடம் இது. பாதத்தில் நாடி துடிக்கிறது, பாதம் சூடாக இருக்கிறது, அப்படியென்றால் ரத்தம் ஓடுகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரத்த அழுத்தம் 110/70 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலில் தசை அறைக்குள் இருக்கும் அழுத்தம் 10-க்குள் இருக்கும். அது 45-க்கு ஏறிவிட்டது என்போம். பெரிய ரத்தக்குழாயில் ஒவ்வொரு துடிப்பும் 110 அழுத்தத்தில் வருகிறது, 45 அதைத் தடுக்காது. ஆகவே நாடி கிடைக்கும். ஆனால் தசைக்கு உயிர்க்காற்றைக் கொண்டு சேர்ப்பது மயிரிழைபோன்ற நுண்குழாய்கள். அவற்றுக்குள் அழுத்தம் மிகக் குறைவு. வெளியிலிருந்து 45 அமுக்கினால் அவை மடங்கி மூடிவிடும். ரத்தம் தசையைத் தொடாமல் அதைக் கடந்து பாதத்துக்குப் போய்விடுகிறது.

அதனால் நாங்கள் பார்க்கும் எண் வேறு. ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து தசை அறையின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 70-இல் 45 போனால் 25. இந்த மிச்சம் 30-க்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் உறையைத் திறந்தாக வேண்டும். ஊசியோடு இணைத்த கருவியால் இந்த அழுத்தத்தை அளக்கலாம். கருவி இல்லாத இடத்தில் அறிகுறிகளே போதும். விழித்திருந்து பேசக்கூடிய நோயாளி தெளிவாகச் சொல்லும்போது, அளவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

நாடி நின்றுபோய், பாதம் வெளுத்துக் குளிர்ந்தால்தான் ஆபத்து என்ற எண்ணத்தை எல்லாரும் விட்டுவிட வேண்டும். அந்த நிலைக்கு வந்த கால் பெரும்பாலும் கைமீறிப் போன கால்.

அந்த இரவை மணிக்கணக்கில் பார்த்தால்

எலும்பு முறிந்த வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முறிந்த நேரத்தில் உயிர் போகும். அசையாமல் கட்டுப் போட்டுவிட்டால் வலி குறைய ஆரம்பிக்கும், மாத்திரைக்கு அடங்கும், அசைத்தால் சுளீர் என்று வரும், அசைக்காவிட்டால் தாங்கலாம். உங்கள் தம்பிக்கு நடந்தது தலைகீழ். 4 மணிக்குக் கட்டுப் போட்டாயிற்று, வீட்டுக்கு வந்து படுத்தாயிற்று. குறைய வேண்டிய வலி 9 மணிக்குமேல் ஏறுகிறது. சும்மா கிடக்கும்போதே தெறிக்கிறது. மாத்திரைக்கு மசியவில்லை. அந்த 9 மணி வலி எலும்பின் வலி அல்ல, மூச்சுத் திணறும் தசையின் வலி.

அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சோதனை செய்திருப்பேன். இதை வீட்டிலேயே யாரும் செய்யலாம். கட்டுக்கு வெளியே தெரியும் கட்டைவிரலை மெதுவாகப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்க வேண்டும், பிறகு மேல்நோக்கி நிமிர்த்த வேண்டும். விரல் அடிபடவில்லை, அதை அசைத்தால் விரலில் வலிக்கவும் காரணமில்லை. ஆனால் அதன் தசை மேலே காலுக்குள் இருக்கிறது. விரலை இழுத்தால் அந்தத் தசை இழுபடும். இறுகிக் கிடக்கும் தசையானால், விரலைத் தொட்ட மாத்திரத்தில் கட்டுக்குள்ளிருந்து வலி கிளம்பி ஆள் அலறுவான். கீழே மடக்கும்போது வலித்தால் முன்பக்கத் தசை, மேலே நிமிர்த்தும்போது வலித்தால் பின்பக்கத் தசை. கட்டின் விளிம்பில் கெண்டைக்காலைத் தொட முடிந்தால் அது மரக்கட்டை போல விறைத்திருக்கும், அமுக்கினால் குழியாது.

1 மணிக்கு விரல் மரத்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடம் என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கு என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன். பாதத்தைத் தூக்கும் முன்பக்கத் தசை அறைக்குள் ஓடும் நரம்பு முடிவது அந்த இடுக்கில்தான். அது மரத்தால், அந்த அறைக்குள் நரம்பும் தவிக்கிறது என்று பொருள்.

அடுத்து 3 மணி. இதைச் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். வலி குறைந்தது மருந்து பிடித்ததால் இல்லை. வலியைச் சுமந்து செல்லும் நரம்பே செயலிழந்துவிட்டது. பல மணி நேரம் துடித்தவன், விரல் மரத்த பிறகு, விரலை அசைக்க முடியாத நிலையில் அமைதியாகிறான் என்றால் அது குணமாகும் அமைதி இல்லை. குறைந்த வலி நல்ல வலியா கெட்ட வலியா என்பதை விரல்தான் சொல்லும். விரல் நன்றாக அசைந்து, தொட்டால் உணர்ந்து, வலியும் குறைந்தால் நிம்மதியாகத் தூங்கவிடலாம்.

ரத்தம் கிடைக்காத தசை ஏறக்குறைய 4 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் சேதம் நிரந்தரமாகத் தொடங்கி, 8 மணி நேரத்தில் பெரும்பகுதி மீளாது. கணக்கைத் தொடங்க வேண்டியது விழுந்த பகல் 1 மணியிலிருந்து இல்லை, அழுத்தம் ஏறிய நேரத்திலிருந்து. 9 மணியை வைத்துக்கொண்டால், நண்பகல் 12-க்குள் 15 மணி நேரம் ஓடிவிட்டது. ஆனாலும் கால் முழுவதும் போகவில்லை. அழுத்தம் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகவில்லை என்பதும், நான்கு அறைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். மதுரை மருத்துவர்கள் திறந்ததால் மிஞ்சிய தசை பிழைத்தது. இரண்டு பக்கமும் வெட்டியது ஏனென்றால் நான்கு அறைகளையும் திறக்க வேண்டும். வெளிப்பக்க வெட்டு வழியாக இரண்டு அறை, உட்பக்க வெட்டு வழியாக இரண்டு அறை. சின்னத் துளை போட்டால் உறை முழு நீளத்துக்கும் திறக்காது. தைக்காமல் விட்டதும் அலட்சியம் இல்லை. அன்றே தைத்தால் தோலே மறுபடி உறையாகி இறுக்கும். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்த்து, செத்த தசையை நீக்கி, வீக்கம் வடிந்தபின் தைப்பார்கள், தோல் சேராவிட்டால் தொடைத்தோல் ஒட்டுவார்கள். உங்கள் சித்தப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அந்த வெட்டு காசுக்காகப் போட்டது இல்லை. அதைப் போடாமல் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம். செத்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. கறுத்த காப்பி நிறத்தில் சிறுநீர் போவது அதன் அடையாளம்.

தலையணையும் நாட்டுக்கட்டும்

நீங்கள் வைத்த தலையணை இதற்குக் காரணம் இல்லை. மருத்துவமனையிலிருந்தே உயர்த்தி வைக்கச் சொன்னார்கள், நீங்கள் செய்தீர்கள். சாதாரண முறிவில் அது சரியான ஆலோசனைதான், வீக்கம் குறையும். ஆனால் தசை அறைக்குள் அழுத்தம் ஏறிய காலை இதயத்தைவிட மிக உயரத்தில் வைத்தால், அங்கே போய்ச் சேரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்து, மேலே போட்ட கணக்கில் மிச்சம் இன்னும் சுருங்கும். அதனால் இந்தச் சந்தேகம் வந்த நிமிடமே தலையணைகளை எடுத்துவிட்டு, காலை இதய மட்டத்தில், படுக்கையிலேயே கிடக்கவிட வேண்டும். கீழே தொங்கப்போடவும் கூடாது. இந்த விதிவிலக்கைப் போனில் பேசியவர் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் செய்த உங்கள்மேல் எந்தப் பழியும் இல்லை.

நாட்டுக்கட்டைப் பற்றிச் சித்தப்பா சொல்வது உண்மைக்கு நேர்மாறு. மூங்கில் பட்டை வைத்து, பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, துணியால் இறுக்கிச் சுற்றும் கட்டு காய்ந்தபின் மேலும் இறுகும். வீங்கும் காலுக்கு அது விடுதலை தராது. இறுக்கக் கட்டிய கட்டுக்குள் கைத்தசை செத்து, விரல்கள் உள்ளே மடங்கிச் சுருங்கிப்போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மான் 1881-இல் விரிவாக எழுதினார். அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். இறுக்கும் பொருள் மூங்கிலா, மாவா என்பதில் தசைக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, கட்டே போடாத காலிலும், தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் காலிலும்கூட இது வரும். தோல் கிழிந்ததால் நான்கு உறைகளும் திறந்துவிடுவதில்லை.

குழந்தைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் பேரிக்காய் மரத்திலிருந்தும் கொய்யா மரத்திலிருந்தும் விழும் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது வழக்கம். அதற்குப் பிறகு முன்கையில் இதே நிலை வரலாம். பிள்ளைக்கு வலியை விவரிக்கத் தெரியாது. அமைதியில்லாமல் புரளும், ஒரு நிலையில் கிடக்காது, போன தடவை கேட்ட நேரத்தைவிடச் சீக்கிரமாகவே வலிமருந்து கேட்கும். விரல்களை நிமிர்த்தினால் வீறிடும். "அடம் பிடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

மலையிலிருந்து இறங்குவதற்கு முன்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது காலை வேளை. கொடைக்கானலில் தம்பியின் காலைப் பார்த்தவர்கள் நாடியைப் பார்த்தார்கள், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். சரி. ஆனால் மாவுக்கட்டைத் திறக்காமல் அனுப்பினார்கள். மலைப்பாதையில் வளைந்து வளைந்து வத்தலக்குண்டு இறங்கி, மதுரை சேருவதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் இறுகிய கட்டுக்குள்ளேயே கால் கிடந்திருக்கிறது.

எலும்பு மருத்துவர் இல்லாத ஊரிலும் செய்யக்கூடிய முதல் சிகிச்சை கட்டைத் திறப்பது. மாவுக்கட்டை நீளவாக்கில் முழுவதும் வெட்டி அகலமாக விரிக்க வேண்டும். உள்ளே சுற்றிய பஞ்சையும் துணியையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வெட்டி விரித்தாலே கட்டு தரும் அழுத்தத்தில் பாதிக்குமேல் குறைந்துவிடும். மாவை மட்டும் வெட்டிவிட்டுப் பஞ்சை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு கயிறு போல இறுகியிருக்கும்.

முதல் நாளில் பெரும்பாலும் முழுக் கட்டுப் போட மாட்டார்கள். காலின் பின்பக்கம் மாவுப் பட்டை வைத்து, மேலே துணிச்சுருள் சுற்றியிருப்பார்கள். போட்டிருப்பது இந்த வகையாக இருந்தால், மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, முன்பக்கத்தில் துணியையும் பஞ்சையும் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்துவிடலாம். வெட்டும்போது கத்தரியின் மொட்டை முனை தோல் பக்கம் இருக்கட்டும். பின்பக்கப் பட்டை அப்படியே இருக்கட்டும், அது காலைத் தாங்கும். எலும்பு கொஞ்சம் நகர்ந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். நகர்ந்த எலும்பை நாளைக்குச் சரிசெய்யலாம், செத்த தசையைச் சரிசெய்ய யாராலும் முடியாது. காலைச் சுற்றி முழுவதும் மாவு இறுகிய கட்டு என்றால் வீட்டில் கைவைக்காதீர்கள். அதற்கு ரம்பம் வேண்டும், பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய்த் திறக்கச் சொல்லுங்கள்.

திறந்ததும் வலி அரை மணியில் நன்றாகக் குறைந்து, விரலை இழுத்தாலும் தாங்க முடிந்தால், இறுக்கியது கட்டுதான். அப்போதும் மருத்துவர் பார்க்க வேண்டும். வலி குறையாவிட்டால் அழுத்தம் உறைக்குள்ளேயே இருக்கிறது. அறுவை அரங்கமும் எலும்பு மருத்துவரும் இருக்கும் இடத்துக்குக் கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. காட்டுமாடு பயம் நியாயமானதே. 108-ஐ அழைத்து, "கால் முறிவு, கட்டுப் போட்டபின் வலி ஏறுகிறது, விரல் மரத்துவிட்டது" என்று சொல்லுங்கள். வண்டி வர நேரமானால், ராத்திரியில் அந்தச் சாலையில் ஓட்டிப் பழகிய ஜீப்காரர் ஒருவரை எழுப்புங்கள். போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து "காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் சந்தேகம்" என்ற இந்த ஒரு சொல்லைச் சொன்னால் அரங்கம் தயாராக ஆரம்பிக்கும். வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மேல்மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்று. தசை திரண்ட இளைஞனுக்கு முழங்காலுக்குக் கீழே முறிவு, கூடவே நசுங்கலும் இருந்தால், அன்று இரவு அவனைக் கொடைக்கானலிலேயே தங்கவைக்கும்படி கேளுங்கள். மருத்துவமனையில் படுக்கை இல்லையென்றால் ஊரில் சொந்தக்காரர் வீட்டிலாவது தங்குங்கள். பெரும்பாலான ஆபத்து முதல் நாளுக்குள்தான். மதுரைவாசிக்கு இரவு 10 மணிக்கு எழும் சந்தேகத்தை 10.30-க்குள் தீர்த்துக்கொள்ள முடியும், உங்களுக்கு அது முடியாது.

முதலில் பார்த்த மருத்துவமனை மேல் தவறா?

ஒரு பக்கக் கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. மாவுக்கட்டுப் போட்டது தவறு இல்லை, விலகாத முறிவுக்கு அதுதான் வழக்கம். அன்றே அனுப்பியது, நான் செய்திருக்க மாட்டேன் என்று சொல்வேன். ஆனால் பார்க்காமலே போனில் "வலிக்கத்தான் செய்யும்" என்று சொன்னதும், காலையில் கட்டைத் திறக்காததும் கேள்வி கேட்கப்பட வேண்டியவை.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. இரண்டு மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து வாங்கிவையுங்கள். உங்கள் போனில் இரவு அழைப்பு போன நேரம் இருக்கும், அதையும் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு, ஆகவே அவசரப்பட வேண்டாம். மதுரை மருத்துவர் எழுதிய அறுவைக் குறிப்பில் எந்த அறையில் எவ்வளவு தசை உயிரோடு இருந்தது என்று இருக்கும். புகார் செய்யாவிட்டாலும் அந்தத் தாள் உங்களுக்கு வேண்டும், காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

பாதம் தூக்குமா?

இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. நரம்பு மட்டும் அடிபட்டு, தசை உயிரோடு இருந்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பக்கத் தசையையே பெருமளவு வெட்டி எடுத்திருந்தால், நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்யத் தசை இருக்காது. எது உங்கள் தம்பியின் நிலை என்பதை அறுவைக் குறிப்பும், நரம்பு, தசையின் மின்சாரப் பரிசோதனையும் சேர்ந்து சொல்லும். இப்போது ஒரு தடவை எடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பாதம் கீழ்நோக்கியே தொங்கிக் கிடந்தால் குதிகால் நரம்பு என்று ஊரில் சொல்கிறோமே, அந்தத் தசைநாண் சுருங்கிவிடும். பிறகு நரம்பு திரும்பினாலும் பாதம் தூக்காது. அதற்கு ஒரு துண்டு போதும். காலை நீட்டி உட்காரவைத்து, முன்பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கமாக இழுத்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. எலும்பு இன்னும் சேராததால், எந்த அளவு அழுத்தலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள். ராத்திரியிலும் நடக்கும்போதும் பாதத்தை நேராக நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி அவசியம். அதை அளவெடுத்துச் செய்யும்போது, தோட்டத்தில் போடும் கம்பூட்டையும் எடுத்துப்போங்கள். தாங்கியோடு கால் அதற்குள் நுழையும்படி அவர்கள் செய்ய வேண்டும், நுழையாவிட்டால் தம்பி தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் ஏறுவான், தடுக்கி விழுவான்.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியும் பாதம் தூக்காவிட்டால், கணுக்காலின் உட்பக்கம் ஓடும் தசைநாண் ஒன்றைப் பாதத்தின் மேல்பக்கத்துக்கு மாற்றித் தைக்கும் அறுவை இருக்கிறது. அந்தத் தசை இருப்பது பின்பக்கத்து ஆழ அறையில். அந்த அறை பிழைத்திருந்தால்தான் மாற்ற முடியும். அறுவைக் குறிப்பை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக, உங்கள் ஊர்க் குளிரில் அடிக்கடி பார்ப்பது ஒன்று. மரத்த பாதத்துக்கும் ஒட்டிய தோலுக்கும் சூடு தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து கால் காய்ச்சும்போது மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் தூரத்தில் தம்பியின் பாதம் கொப்புளித்துவிடும், அவனுக்குத் தெரியவே தெரியாது. வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் போடட்டும், தையல் உள்பக்கம் உறுத்தாமல் திருப்பிப் போடட்டும். ராத்திரி கழற்றியதும் விரல் இடுக்கையும் குதிகாலையும் நீங்கள் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். சிவந்த இடம் காலையிலும் சிவப்பாகவே இருந்தால் அன்று தாங்கியைப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.